செத்துப்போன லீனியர் பவர் சப்ளை: மல்டிமீட்டர் மட்டும் வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

சப்ளை வேலை செய்யவில்லை என்று கையில் கொடுத்தால், பயிற்சிக்கு வருபவர்களில் பலர் நேராக 7812 ரெகுலேட்டரைக் கழற்றுகிறார்கள். புதியதைப் போட்டும் வரவில்லை என்றால் கெப்பாசிட்டர், அதற்கும் வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர். இப்படி மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் சப்ளை வந்துவிடும். ஆனால் எது போயிருந்தது, ஏன் போனது என்று தெரியாது. போன காரணம் உள்ளேயே இருந்தால் அதே பெட்டி ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

இங்கே சொல்வது அளந்து கண்டுபிடிக்கும் வரிசை. எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொள்வோம்: 230 வோல்ட் உள்ளே வந்து, சுவிட்ச், 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 15 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. அடுத்து நான்கு 4007 டையோடு சேர்ந்த பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் ஃபில்டர் கெப்பாசிட்டர், 7812 ரெகுலேட்டர், அவுட்புட்டில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். 12 வோல்ட், அரை ஆம்பியர் வரை கொடுக்கும் சாதாரண சப்ளை.

## 1. தொடங்கும் முன்

முதலில், கையில் இருப்பது லீனியர் சப்ளைதானா என்று பாருங்கள். இரும்புத் தகடு அடுக்கிய கனமான டிரான்ஸ்ஃபார்மருக்கு 230 வோல்ட் நேராகப் போனால் இந்த வரிசை பொருந்தும். எடை குறைவாக, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மரும் 400 வோல்ட் கெப்பாசிட்டரும் தெரிந்தால் அது எஸ்எம்பிஎஸ். அதில் டிசி பக்கத்திலேயே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதற்கு இந்த வழிகாட்டி வேண்டாம்.

தேவையானவை: டையோடு டெஸ்ட் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், கறுப்பு லீடுக்கு ஒரு முதலை கிளிப், 1 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, சால்டரிங் அயர்ன், கடைசியில் லோடு கொடுக்க 12 வோல்ட் 5 வாட் ஸ்கூட்டர் பல்ப் ஒன்று. ஒரு காகிதமும் பேனாவும் வேண்டும். அளந்ததை எழுதாதவர் பத்து நிமிடத்தில் அதே இடத்தை மறுபடி அளந்துகொண்டிருப்பார்.

மீட்டரில் சிவப்பு லீடு எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அது 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது 230 வோல்ட் மேல் வைத்தால், மீட்டர் வழியாகவே லைன் ஷார்ட் ஆகும். வேலை செய்யும் ஒரு பிளக் பாயிண்டில் முதலில் 230 வோல்ட்டை அளந்து பாருங்கள். மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான், அது காட்டும் பூஜ்யத்தை நம்பலாம்.

## 2. லோடைக் கழற்றுங்கள்

சப்ளை எந்தக் கருவிக்குப் போகிறதோ அந்த ஒயரைக் கழற்றிவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். கருவியில் ஷார்ட் இருந்தால் 7812 தன்னைக் காத்துக்கொள்ள அவுட்புட்டை இறக்கிவிடும். சப்ளை செத்தது போலத் தெரியும், ஆனால் அதில் பழுதே இருக்காது. இன்னொன்று, நீங்கள் அளக்கும்போது முனை வழுக்கி 7812-இன் முதல் காலும் மூன்றாம் காலும் தொட்டுக்கொண்டால் 22 வோல்ட் நேராக அவுட்புட்டுக்குப் போகும். லோடு இல்லையென்றால் அந்தத் தவறு ஒரு கருவியைக் கொல்லாது.

கழற்றிய உடனே அவுட்புட்டில் 12 வோல்ட் வந்துவிட்டால் பழுது பெரும்பாலும் கருவியில்தான். கடைசிப் பகுதியில் சொல்லும் லோடு சோதனையைச் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

## 3. பெட்டியைத் திறக்காமல் ஓர் அளவு

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, சப்ளையின் சுவிட்சை ஆன் செய்யுங்கள். மீட்டரை 2 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்கள் இரண்டுக்கும் நடுவே அளங்கள். பவர் கார்டு, சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி காயில் ஆகிய நான்கும் ஒரே கோட்டில் இருப்பதால், இந்த ஓர் அளவு நான்கையும் ஒன்றாகச் சோதித்துவிடுகிறது.

நம் 15 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மருக்கு நூறு முதல் சில நூறு ஓம் வரை வரும். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னும் குறையும். OL என்று காட்டினால் நான்கில் ஒன்று அறுந்திருக்கிறது. அளவு வந்து வந்து போனால், கார்டைப் பிளக் அருகிலும் பெட்டிக்குள் நுழையும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். கார்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் உள்ளே அறுகின்றன.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பீப் சத்தத்தை நம்புவது. கண்டினியூட்டி பஸ்ஸர் சில பத்து ஓமுக்குக் கீழேதான் கத்தும். 180 ஓம் பிரைமரிக்கு அது கத்தாது. சத்தம் வரவில்லை என்று நல்ல டிரான்ஸ்ஃபார்மரை ஓப்பன் என்று ஒதுக்கிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓம் ரேஞ்சில் எண்ணைப் பாருங்கள்.

அளக்கும்போது இரண்டு முனைகளின் உலோகத்தையும் விரலால் பிடிக்காதீர்கள். மீட்டரை எடுக்கும் கணத்தில் காயில் ஒரு சுருக்கென்ற அடி கொடுக்கும். ஆபத்தில்லை, ஆனால் கை உதறி வேறெதையாவது இடிக்கும்.

எர்த் பின் உள்ள பிளக் என்றால் மீட்டரை மிக உயர்ந்த ஓம் ரேஞ்சுக்கு மாற்றி, ஃபேஸ் பின்னிலிருந்து எர்த்துக்கும் அளங்கள். OL வர வேண்டும். ஏதாவது எண் வந்தால் காயில் பாடியோடு கசிகிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது.

## 4. திறந்ததும் கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள்

ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் அதுவே சில மில்லிஆம்பியர் குடித்துக் கெப்பாசிட்டரை இறக்கிவிடும். ரெகுலேட்டர் ஓப்பன் ஆகியிருந்தால் பிளக்கை உருவி நெடுநேரம் ஆனபிறகும் 20 வோல்ட் நிற்கலாம். அதன்மேல் ஓம் ரேஞ்சில் மீட்டரை வைத்தால் தவறான எண் வரும், மீட்டரும் கெடலாம்.

1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் பதினைந்து விநாடி பிடியுங்கள். பிறகு டிசி வோல்ட்டில் அளந்து ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். போர்டின் செப்புத் தடமும் கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் அந்தப் பொறியில் கெடும்.

## 5. கரண்ட் கொடுக்கும் முன் ஷார்ட் தேடுங்கள்

ஃபியூஸ் எரிந்திருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. ஃபியூஸ் சும்மா எரிவது அபூர்வம். காரணத்தைத் தேடாமல் புதிய ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். எரிச்சலில் யாராவது பெரிய ஃபியூஸைப் போடுவார்கள். அதன் விளைவை ஒன்பதாம் பகுதியில் பார்ப்போம்.

ஃபில்டர் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில் சிவப்பு, மைனஸில் கறுப்பு வைத்து ஓம் ரேஞ்சில் அளங்கள். மீட்டர் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்வதால் எண் கீழே தொடங்கி மெல்ல ஏற வேண்டும். சில ஓமிலேயே அசையாமல் நின்றால் ஷார்ட். 7812-இன் முதல் காலைச் சால்டர் எடுத்துத் தூக்குங்கள். ஷார்ட் போய்விட்டால் குற்றவாளி ரெகுலேட்டர். போகவில்லை என்றால் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்குங்கள். அப்போதும் போகவில்லை என்றால் பிரிட்ஜ்.

அடுத்து டையோடுகள். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், எனவே நின்று விளக்குகிறேன். பிரிட்ஜின் இரண்டு ஏசி முனைகளையும் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி இணைத்துவைத்திருக்கிறது. அந்தக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 1 ஓம். மீட்டரைப் பொறுத்தவரை அது ஒரு துண்டுக் கம்பி. ஆகவே பிளஸ் பக்கத்து டையோடுகள் இரண்டும் பேரலல் ஆகிவிடுகின்றன, மைனஸ் பக்கத்து இரண்டும் அப்படியே. ஒன்று ஷார்ட் ஆனால் இரண்டும் ஷார்ட் என்று மீட்டர் சொல்லும். ஒன்று ஓப்பன் ஆனால், பக்கத்தில் இருக்கும் நல்ல டையோடின் 0.55 வோல்ட்டைக் காட்டி, ஓப்பன் ஆனதும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லும்.

அதனால் செகண்டரி ஒயரில் ஒன்றை போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் டையோடு டெஸ்ட் செய்ய வேண்டும். அப்போது ஒவ்வொரு டையோடும் ஒருபக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும். மறுபக்கம் அளக்கும்போது எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் அது கெப்பாசிட்டர் வழியாக வருவது, பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் 0.00 என்றால் ஷார்ட். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த டையோடின் ஒரு காலைத் தூக்கி அளங்கள்.

## 6. கரண்ட் கொடுத்ததும் முதலில் நடுவில் அளங்கள்

ஷார்ட் இல்லை என்று உறுதியானபின் கழற்றியவற்றை மறுபடி சால்டர் செய்து, அதே அளவு ஃபியூஸைப் போடுங்கள். கறுப்பு லீடைக் கிளிப்பால் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸில் மாட்டுங்கள். டிசி அளவுகள் எல்லாவற்றுக்கும் அது அங்கேயே இருக்கட்டும். ஒரு கை மட்டுமே உள்ளே போகும், வழுக்கும் வாய்ப்பு பாதியாகும். பெட்டியின் பாடியில் மாட்டாதீர்கள். பல சப்ளைகளில் பாடியும் மைனஸும் ஒன்றல்ல.

இப்போது பிளக்கைச் சொருகி, கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில் டிசி வோல்ட் பாருங்கள். ஏன் இங்கே முதலில் என்றால், இந்த இடம் சப்ளையின் நடு. இங்கே வோல்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர், கார்டு, ஃபியூஸ், பிரிட்ஜ் எல்லாம் இப்போதைக்கு விடுதலை. இல்லையென்றால் ரெகுலேட்டரும் அதற்குப் பின்னால் இருப்பவையும் இப்போதைக்கு விடுதலை. ஓர் அளவில் பாதி வேலை முடிகிறது.

எவ்வளவு வர வேண்டும்? லோடு இல்லாதபோது 15 வோல்ட் செகண்டரி 17 வரை காட்டும். 17 × 1.414 = 24. இரண்டு டையோடு சேர்ந்து ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். ஆக 22 முதல் 23 வோல்ட். 25 வோல்ட் கெப்பாசிட்டருக்கு இது விளிம்பு. வீட்டு லைன் 250-க்கு ஏறினால் 25-ஐத் தொட்டுவிடும். மாற்றும்போது 35 வோல்ட் போடச் சொல்வது அதனால்தான்.

## 7. நடுவில் பூஜ்யம் என்றால்

பின்னோக்கிப் போங்கள். மீட்டரை ஏசிக்கு மாற்றி, செகண்டரி ஒயர் இரண்டுக்கும் நடுவே அளங்கள். 17 வோல்ட் இருந்தால் பிரிட்ஜில் குறைந்தது இரண்டு டையோடு ஓப்பன், அல்லது சால்டர் வெடிப்பு, அல்லது தடம் அறுந்தது. சால்டர் வெடிப்பைக் கண்டுபிடிக்கத் தடத்தில் ஒருமுறை, டையோடின் காலிலேயே ஒருமுறை அளங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வெடிப்பு அங்கேதான்.

செகண்டரியிலும் இல்லையென்றால் பிரைமரியில் 230 வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே பிளக்கை உருவி, முனைகளைக் கிளிப்பால் மாட்டி, கையை எடுத்த பிறகு சொருகி எண்ணைப் படியுங்கள். கரண்ட் ஓடும் 230 வோல்ட் முனையைக் கையால் தேடித் தொடுவது பயிற்சியில் இருப்பவருக்கு வேண்டாத வேலை.

பிரைமரியில் 230 இருந்து, மூன்றாம் படியில் ஓமும் சரியாக இருந்தால் செகண்டரி காயில் அறுந்திருக்கிறது. 230 இல்லையென்றால் ஃபியூஸின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஏசி அளங்கள். அங்கே 230 காட்டினால் அது எரிந்த ஃபியூஸ். நல்ல ஃபியூஸின் குறுக்கே வோல்ட் நிற்காது.

நியான் டெஸ்டர் எரிகிறது, ஆகவே சப்ளை வருகிறது என்று முடிவு கட்டாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். அதேபோல் அறுந்த ஒயரில் டிஜிட்டல் மீட்டர் 40, 80 என்று ஏதோ ஓர் எண் காட்டும். அது பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்படுவது. அதில் எதுவும் ஓடாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே முழு 230 வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

## 8. நடுவில் 22, அவுட்புட்டில் பூஜ்யம் என்றால்

7812-இன் எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். முதல் காலில், காலின் மேலேயே அளங்கள். 22 வரவில்லை என்றால் கெப்பாசிட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே தடம் அறுந்திருக்கிறது.

22 வந்தால் நடுக் காலை அளங்கள். பூஜ்யம் வர வேண்டும். கிரவுண்ட் கால் சால்டர் விட்டிருந்தால் அவுட்புட் பெரும்பாலும் இன்புட் அருகே ஏறிவிடும். அதாவது 12 வோல்ட் கருவிக்கு 20-க்கு மேல் போகும். கருவியும் சப்ளையும் சேர்ந்து வந்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டும் சரி, மூன்றாம் கால் பூஜ்யம் என்றால் உடனே ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். பிளக்கை உருவி, கெப்பாசிட்டரைக் காலி செய்து, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஓம் அளங்கள். சில ஓம் காட்டினால் அவுட்புட் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்த ஷார்ட்டில் ரெகுலேட்டர் கொதிக்கும். அந்தச் சூட்டைப் பார்த்து அதை மாற்றுவார்கள், புதியதும் கொதிக்கும். அவுட்புட்டில் ஷார்ட் இல்லாமல் இன்புட்டும் கிரவுண்டும் சரியாக இருந்தால் மட்டுமே 7812-ஐ மாற்றுங்கள்.

ஹீட்சிங்கைக் கிரவுண்டாக நினைத்து அளக்கும் பழக்கம் 78 வரிசைக்கு மட்டும் சரி. 79 வரிசையில் அந்த உலோகம் இன்புட், 317-இல் அவுட்புட்.

## 9. ஒரு பெட்டியின் கதை

ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரின் சப்ளை, மேலே சொன்ன அதே சர்க்யூட். பயிற்சியில் இருந்த தம்பி பிளக்கில் அளந்தான், OL. கார்டு சரி, சுவிட்ச் சரி, ஃபியூஸ் சரி, பிரைமரி ஓப்பன். அதுவரை அவன் வேலை குறையில்லாதது. புது டிரான்ஸ்ஃபார்மர் போட்டான், கெப்பாசிட்டரில் 22 வந்தது, அவுட்புட்டில் 12 வந்தது. மூடியை மூடப்போனான்.

டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. லோடே இல்லாமல் சில நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. பிளக்கை உருவச் சொன்னேன்.

டையோடு டெஸ்ட்டில் பிளஸ் பக்கத்து இரண்டும் 0.00. "அண்ணே, ரெண்டு போயிருக்கு" என்றான். செகண்டரி ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். ஒன்று 0.00, மற்றது 0.57. ஒன்றுதான் ஷார்ட்.

ஒரு டையோடு ஷார்ட் ஆனால், ஒரு பாதிச் சுற்றில் சர்க்யூட் வழக்கம்போல் வேலை செய்து கெப்பாசிட்டரை நிரப்புகிறது. மறு பாதிச் சுற்றில் அந்த ஷார்ட்டும் பக்கத்து நல்ல டையோடும் சேர்ந்து செகண்டரியைக் குறுக்கே கட்டிவிடுகின்றன. அதனால்தான் 12 வோல்ட்டும் வருகிறது, டிரான்ஸ்ஃபார்மரும் வேகிறது. 250 மில்லிஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் இதற்கு எரிந்திருக்க வேண்டும். ஹோல்டரைத் திறந்து பார்த்தால் அதில் 2 ஆம்பியர் ஃபியூஸ். முன்பு யாரோ எரிந்த ஃபியூஸுக்குப் பதில் போட்டது. ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையைக் காயிலின் மஞ்சள் டேப்புக்கு அடியில் இருந்த தெர்மல் ஃபியூஸ் செய்திருந்தது. பிரைமரி ஓப்பன் என்று மீட்டர் காட்டியது அதைத்தான்.

ஷார்ட் டையோடோடு அதன் ஜோடியையும் மாற்றினோம். அந்தக் கரண்ட் முழுவதும் அதன் வழியாகவும் ஓடியிருக்கிறது. தெர்மல் ஃபியூஸை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் அதே வெப்ப அளவுள்ளதை வாங்க வேண்டும். சால்டர் செய்யும்போது காலை மூக்குக் குறடால் பிடித்துச் சூட்டை இழுத்துக்கொள்ளாவிட்டால் புதியதும் அங்கேயே அறுந்துவிடும். கம்பியால் குறுக்கே கட்டி அதை ஒதுக்குவது தீப்பிடிக்க வழி செய்வது. அப்படி ஒரு பெட்டியை யாரிடமும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

## 10. மூடும் முன் லோடு கொடுங்கள்

லோடு இல்லாமல் 12 வோல்ட் வருவது எதையும் நிரூபிக்காது. காய்ந்துபோன கெப்பாசிட்டரும் லோடு இல்லாதபோது நல்ல எண் காட்டும். 5 வாட் பல்பை அவுட்புட்டில் மாட்டுங்கள், 0.4 ஆம்பியர் இழுக்கும். அவுட்புட் 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே நிற்க வேண்டும்.

பிறகு ஃபில்டர் கெப்பாசிட்டரின் மேல் ஏசி ரேஞ்சில் ரிப்பிள் பாருங்கள். 2200 மைக்ரோஃபாரட் நல்ல நிலையில் இருந்தால் அரை வோல்ட்டுக்குள் வரும். ஒரு வோல்ட் அளவுக்கோ அதற்கு மேலோ வந்தால் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது அல்லது ஒரு டையோடு ஓப்பன். விலை குறைந்த மீட்டர்கள் சில, ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து எண்ணிவிடும். லீடுகளை மாற்றிவைத்தால் ஒருபக்கம் 40, மறுபக்கம் 0 என்று காட்டினால் உங்கள் மீட்டர் அந்த வகை. சிவப்பு முனைக்கு முன்னால் 100 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து அளங்கள். டிசி உள்ளே போகாது.

அரை மணி நேரம் பல்பு எரியட்டும். பிளக்கை உருவி டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை எடுக்க வைக்கும் சூடு சரியில்லை. ஃபியூஸ் ஹோல்டரை இன்னொரு முறை திறந்து, உள்ளே இருப்பது 250 மில்லிஆம்பியர்தானா என்று பார்த்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.